ஏஜென்ட் என்று எழுதப்பட்ட வரிகள்

வில்லியனூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஒரு தனியார் மருத்துவமனையின் வெப்சைட்டில் நோயாளிகள் சாட்டில் கேட்பதற்குப் பதில் சொல்வது எங்கள் வேலை. முதலில் பாட் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் தானாகப் பதில் சொல்லும். அதற்குத் தெரியாத கேள்வி வந்தால், பக்கத்து அறையில் இருக்கும் பெண்களில் ஒருத்தியிடம் அந்த உரையாடல் போகும். அந்தப் பேச்சையெல்லாம் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கும் டேபிளை வடிவமைத்தவள் நான்.

ஒரு மெசேஜுக்கு ஒரு வரி. வரியில் உரையாடலின் எண், மெசேஜ் வந்த நேரம், பேசியது யார், என்ன பேசினார். பேசியது யார் என்ற இடத்தில் கஸ்டமர், பாட், ஏஜென்ட், சிஸ்டம் என்று நான்கு மதிப்புகள் வைத்திருந்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார்.

"பாட்னு எங்கியும் வரக்கூடாதும்மா. மெஷின் பதில் சொல்லுதுனு தெரிஞ்சா ஜனங்க நம்ப மாட்டாங்கனு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. ஏஜென்ட்டுனே போட்டுடு."

திரையில் எப்படிக் காட்டுகிறோம் என்பது வேறு, உள்ளே எப்படிச் சேமிக்கிறோம் என்பது வேறு. அதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டே மதிப்பு என்றால் எனக்கும் வேலை குறைவு. கஸ்டமர், ஏஜென்ட். முடிந்தது. எந்தப் பெண் பேசினாள் என்பதையும் ஒவ்வொரு மெசேஜிலும் வைக்காமல், உரையாடலுக்கு ஒரு பெயர் என்று இன்னொரு டேபிளில் வைத்தேன்.

அந்தப் பெண்களில் ஒருத்தி பாகூர் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். பகல் சாப்பாட்டுக்கு என் மேஜைக்கு வந்து உட்காருவாள். நோயாளிகளிடம் அவள் டைப் செய்யும் தமிழில் ஒரு பிழை இருக்காது.

அவள் வேலைக்குச் சேர்ந்த ஏழாம் மாதம் புகார் வந்தது. ஆபரேஷனுக்குப் போகும் அன்று காலை ஒருவர் சாட்டில், சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார். லேசாகச் சாப்பிடலாம் என்று பதில் போயிருக்கிறது. அவர் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆபரேஷன் தள்ளிப்போனது. வீட்டார் மருத்துவமனையில் சத்தம் போட்டார்கள். யார் சொன்னது என்று மருத்துவமனைக்காரர்கள் எங்களைக் கேட்டார்கள்.

ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தது நான். ஏஜென்ட் என்று வந்த எல்லா வரிக்கும் நேராக அவள் பெயர் இருந்தது.

"இத நான் டைப் பண்ணல சார்," என்றாள். "எந்த மாடிக்கு வரணும்னு கேட்டாரு, ரெண்டாவது மாடினு சொன்னேன். அவ்ளோதான். எனக்கு ஸ்கிரீன்ல அந்தக் கேள்வி மட்டும்தான் வந்துச்சு."

மேனேஜர் பேப்பரை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இது இன்னா அப்ப?"

அவள் என்னைப் பார்த்தாள். நானும் அந்தப் பேப்பரைத்தான் நம்பினேன். அவசரத்தில் தப்பாக டைப் செய்துவிட்டு மறைக்கிறாள் என்று நினைத்தேன். அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து வேறொரு கோளாறைத் தேடிக்கொண்டிருந்தபோது அதே உரையாடல் கண்ணில் பட்டது. ரிப்போர்ட்டில் தேதி மட்டும்தான் அச்சாகும். டேபிளில் நேரம் இருந்தது, யூடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில். சாப்பிடலாம் என்ற வரிக்கு 3:11. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் காலை 8:41. மாடி பற்றிய பதில் 9:06. வருகைப் பதிவைத் திறந்து பார்த்தேன். அன்று அவள் கட்டைவிரல் வைத்தது 8:57க்கு. முதல் பதில் பாட் சொன்னது. அவள் வந்த பிறகு உரையாடல் அவளுக்குப் போயிருக்கிறது, உரையாடலோடு அவள் பெயரும் ஒட்டிக்கொண்டது. எத்தனை மணிக்கு அவளிடம் மாறியது என்று எழுதிவைக்க நான் இடமே விடவில்லை.

இரண்டையும் மேனேஜரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"ஸ்டாஃப் தப்பு, வேலைய வுட்டு எடுத்துட்டோம்னு ஆஸ்பத்திரிக்கு லெட்டர் போயிடுச்சு. இப்ப சிஸ்டம் தப்புனு சொன்னா கான்ட்ராக்டே போயிடும். வுட்டுடு. டேபிள மட்டும் சரி பண்ணு."

சரி செய்தேன். பாட் தனி, ஏஜென்ட் தனி. ஒவ்வொரு மெசேஜுக்கும் பேசியவரின் எண். உரையாடல் கைமாறிய நேரத்தைக் குறிக்க சிஸ்டம் என்று தனி வரி. பழைய வரிகளைத் தொடாதே என்றார், தொடவில்லை. மருத்துவமனைக்காரர்கள் புது ரிப்போர்ட்டைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்களாம். மேனேஜர் அதை எல்லார் முன்னாலும் சொன்னார். நான் சிரித்தேன்.

கரிக்கலாம்பாக்கத்தில் என் வீட்டு மாடியில் நின்று அவளுக்கு ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அந்த டேபிள் யாரு போட்டதுக்கா?"

"நான்தான்."



"இத எழுதிக் குடுப்பியா? நான் செய்யலனு? வேற எடத்துல கேக்கறாங்க, ஏன் வுட்டுட்டு வந்தனு."

மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"செரிக்கா," என்று வைத்துவிட்டாள்.

மேனேஜரை நான் கேட்கவில்லை.