யானையின் இடது கண்

மலேசியாவில், கெடா மாநிலத்து லூனாஸில் எங்கள் எதிர்வீட்டுக் காஞ்சனா நூலில் யானை பொம்மை பின்னி இணையத்தில் விற்கிறாள். அதற்கு முன் பதினோரு வருடம் கூலிமில் ஒரு கம்பெனியில் பழுதான பொருளைப் பார்த்து ஒதுக்குவதுதான் அவள் வேலை. ஆள் குறைத்ததும் கொக்கி ஊசியை எடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, பின்னல் அத்தனை சுத்தம்.

விற்பனைப் பக்கத்தில் எழுதியதுதான் அவளைப் போலவே இல்லை. 'கண்ணீரில் நனைந்த விரல்கள்', 'கெடா தந்த கலைச்செல்வி' என்று பதினெட்டு வரி. நானும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் போடு என்றேன். எனக்கென்ன போச்சு? கண்ணுக்குத் தைத்தது பிளாஸ்டிக் பாசிமணி, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது என்பதெல்லாம் அதற்குக் கீழே கிடந்தது. கைபேசியில் முதல் சில வரிதான் தெரியும், மிச்சத்தைத் தொட்டுத் திறக்க வேண்டும்.

போன சனிக்கிழமை காலை மெர்கோங்கிலிருந்து ஷீலா என்பவள் அழைத்தாள். யானையின் இடது கண்ணைக் காணவில்லை, ஒரு வயது மகன் விடாமல் இருமுகிறான், ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்றாள்.

"பாசி எதுல செஞ்சதுக்கா? எவ்ளோ பெருசு? டாக்டர் கேக்குறாரு."

"பிளாஸ்டிக்மா. எட்டு மில்லிமீட்டர்," என்றாள் காஞ்சனா. பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம்.

இரண்டு மணி நேரம் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்ற வாய் என் வாய்தானே.

ஒரு மணிக்கு மறுபடி அழைப்பு. பாசி காரில் பிள்ளையின் இருக்கை மடிப்பில் கிடந்ததாம், இருமல் வெறும் சளியாம். காஞ்சனா மன்னிப்புக் கேட்டாள். ஷீலா திட்டவில்லை.

"ஒங்க கதையப் படிச்சதும் மனசு எளகிப் போச்சுக்கா. ஒடனே வாங்கிட்டேன். அதுக்குக் கீழ போகவே இல்லலா."

அந்த வார்த்தைக்குத்தான் காஞ்சனா அழுதாள். பிறகு பக்கத்தைத் திறந்து பதினெட்டு வரியையும் அழித்தாள். முதல் வரியில் எச்சரிக்கை, அடுத்து அளவும் நூலும். தன்னைப் பற்றி இவ்வளவுதான்: 'பதினோரு வருடம் கம்பெனியில் பழுதான பொருளைப் பார்த்து ஒதுக்கினேன். இப்போது லூனாஸில் வீட்டிலிருந்து பின்னுகிறேன். இனி கண்ணையும் நூலாலேயே தைக்கிறேன்.' வாசித்துப் பார்த்தேன். அவளே பேசுவது போல இருந்தது.

ஆனால் பாசிக் கண் யானை ஏற்கெனவே ஏழு வீட்டுக்குப் போயிருந்தது. மற்ற ஆறு பேருக்கும், கண்ணைப் பிய்த்து எறிந்துவிடுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதினாள். ஐந்து பேர் பதில் போட்டார்கள். கோலா கெத்திலில் வாங்கியவர் மட்டும் செய்தியை இன்னும் திறக்கவில்லை. அந்த வீட்டில் பிள்ளைக்கு எத்தனை வயது என்று எங்களுக்குத் தெரியாது.