கீழ்த்தளத்தில் மொட்டை மாடி

பேர் வைக்கிறதுன்னா பிள்ளைக்கு வைக்கிற மாதிரி இல்லை. பிள்ளைக்கு என்ன வைத்தாலும் அது வளர்ந்துவிடும். யோகா நிலையத்துக்கு அப்படியா? ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்க வரணும், போனில் ஒரு தடவை சொன்னால் புரியணும், மேப்பில் தேடினால் வேறு பத்துக் கடை வந்து நிற்கக் கூடாது. இதையெல்லாம் கரைத்துக் குடித்தவள்தான் நம்ம டீச்சர். ஆனாலும் ரயில் நிலையத்துக்கு எதிரே, கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டிய கீழ்த்தளத்து வாடகை அறைக்கு அவள் வைத்த பேர், 'மொட்டை மாடி'.

"அக்கா, வெளையாடறீங்களா?" என்றான் கூட்டாளி. அடுத்த அறையில் எடை தூக்கக் கற்றுக்கொடுக்கிறவன். "ஜன்னலே இல்லாத எடம்! சிரிப்பாங்க."

"சிரிச்சா ஞாபகம் வச்சுப்பாங்க" என்று வாயை அடைத்துவிட்டாள். உண்மைக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

பழைய ஆபீஸில் அவளுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே பாய் விரித்து ஆசனம் போடுவார்கள். கடைசியில் கண்ணை மூடிப் படுக்கிற சவாசனம் வந்ததோ இல்லையோ, சிநேகிதி குறட்டை விட ஆரம்பித்துவிடுவாள். அதனால் இவள் அவளுக்கு வைத்த பேர் தூங்குமூஞ்சி. இவளுடைய உயரத்தைப் பார்த்து அவள் வைத்தது நெட்டச்சி. சேர்ந்தே வேலையை விடுவது, சேர்ந்தே வகுப்பு ஆரம்பிப்பது என்று திட்டம். "எந்த மூலையில ஆரம்பிச்சாலும் பேரு மொட்டை மாடிதான். மாத்தினே, கொன்னுடுவேன்" என்பாள் தூங்குமூஞ்சி.

ராஜினாமா கொடுக்க இருந்த சமயத்தில் தூங்குமூஞ்சியின் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தார். சம்பளத்தை விட முடியுமா? "நீ போடி" என்றாள். அப்புறம் தூங்குமூஞ்சிக்கு வேறு ஆபீஸ், வேறு வீடு, வேறு நம்பர். கோபமெல்லாம் இல்லை. பார்த்தால் மனசு தாங்காது என்று ஒதுங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். டீச்சருக்கு மட்டும், ஒவ்வொரு வகுப்பிலும் எல்லோரும் கண்ணை மூடிப் படுத்ததும் அந்தக் குறட்டைக்காகக் காது ஏங்கும். பாவி, எங்கேதான் இருக்கிறாளோ!

போர்டு மாட்டினார்கள். ஆட்களும் வந்தார்கள், ஆனால் மேலே! ஆபீஸ் விட்டு ஓடிவருகிற புது ஆள் ஒவ்வொருவரும் பேரைப் பார்த்துவிட்டு, லிஃப்ட் ஏறி, மிச்சப் படியும் ஏறி, மொட்டை மாடியில் நின்று, போர்டில் இருக்கிற நம்பருக்குப் போன் போடுவார்கள். "மேடம், இங்க யாருமே இல்லையே?" தெரியாத நம்பர் வரும்போதெல்லாம் டீச்சரின் நெஞ்சு ஒரு தடவை துள்ளி அடங்கும். "கீழ வாங்க சார்" என்பாள்.

பாதிப் பேர் அலுத்துப்போய் அப்படியே வீட்டுக்குப் போனார்கள். "அக்கா, இந்தப் பேரு நம்மள மூழ்கடிச்சிடும்" என்று கூட்டாளி ஒற்றைக்காலில் நின்றான். அவன் சொல்வதும் நியாயம்தானே? டீச்சர் விட்டுக்கொடுத்தாள். 'ஃபிட் ஸ்டாப்' என்று முடிவாயிற்று. போர்டுக்காரர் சாயங்காலம் ஏணி போட்டு முதல் எழுத்தைக் கழற்றும்போது அவள் வாசல் பக்கமே போகவில்லை. உள்ளே பாய்களை விரித்தாள், சுருட்டினாள், திரும்ப விரித்தாள்.

போன் அடித்தது. புது நம்பர்.

"கீழ வாங்க, கார் நிறுத்தற எடத்துக்குப் பக்கத்துல..." என்று மனப்பாடமாக ஆரம்பித்தாள்.

"அடியே நெட்டச்சி! மூச்சு வாங்குது. மொட்டை மாடின்னு எழுதி வச்சிட்டு எங்கடி போய்த் தொலைஞ்சே?"

டீச்சர் கையிலிருந்த பாயைப் போட்டாள். "அங்கயே இரு. கீழ வராதே. நான் வரேன்."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை எங்கே? படியிலேயே ஓடினாள். மேலே தண்ணீர்த் தொட்டி ஓரம், ஆபீஸ் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள் தூங்குமூஞ்சி. தலையில் பாதி நரை. கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"தெனம் பஸ்ல இருந்து போர்டைப் பார்த்துட்டுத்தான் போறேன். இருக்கு, பார்த்துக்கலாம்னு போயிடுவேன். இன்னைக்கு அந்த ஆளு எழுத்தைக் கழட்டறான். இறங்காம இருக்க முடியலடி. யாரைக் கேட்டு மாத்தறே?"

டீச்சர் பக்கத்தில் படுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கூட்டாளி போன் செய்தான். "அக்கா, வகுப்புக்கு எல்லாரும் வந்தாச்சு. எங்க இருக்கீங்க?"

"போர்டுக்காரரைக் கழட்டின எழுத்தைத் திரும்ப மாட்டச் சொல்லு. எல்லாரையும் பாயை எடுத்துக்கிட்டு மேல வரச் சொல்லு."

"மேலயா?"

"மெதுவா வாங்கப்பா" என்றாள் டீச்சர். "இங்க ஒருத்தி தூங்கிட்டா."