வியாழக்கிழமை என்று எழுதிய அரபு

எங்கள் மேனேஜரின் அகராதியில் எழுத்து வேறு, மொழி வேறு என்ற பேச்சே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே போர்டில் எழுதிக் காட்டினார். "எழுத்தப் பாத்தா மொழி, வடிவத்தப் பாத்தா வகை. ஒரு படத்துக்கு மூணு செகண்ட். இதுல மூளைக்கு வேலையே இல்ல." கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் தன் வாழ்க்கையிலும் கடைப்பிடித்தார் என்று சொல்ல வேண்டும்.

ராமநாதபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். கடற்கரை ஊர் ஒன்றின் ஜமாஅத்தார் தங்கள் பழைய காகிதங்களை எல்லாம் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். நிக்காஹ் பதிவேடு, மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் பதிவேடு, வீட்டுப் பத்திரங்கள், கடல் தாண்டிப் பிழைக்கப் போன சபுராளிகள் எழுதிய கடிதங்கள், யாரோ வைத்திருந்த துஆ ஓதும் ஏடுகள், எல்லாம் முன்பின்னாகக் கலந்து கிடந்தன. பாதிப் படங்களில் பிடித்தவரின் கட்டைவிரலும் இருந்தது.

முதல் வேலை பிரிப்பது. ஒவ்வொரு படத்துக்கும் வகை ஒன்று, மொழி ஒன்று, இரண்டையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்து எந்தக் கட்டங்கள் திறக்கும் என்று முடிவாகும். நிக்காஹ் என்றால் மாப்பிள்ளை, பெண், பெண்ணின் பொறுப்பாளர், சாட்சிகள், மஹர் தொகை, தேதி. அடக்கம் என்றால் இறந்தவர், வயது, தேதி. பத்திரம் என்றால் விற்றவர், வாங்கியவர், நான்கு எல்லை. பிரித்ததில் தப்பு நடந்தால் கட்டங்கள் மாறிவிடும். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி, கல்யாணமான கையோடு ஒரு மாப்பிள்ளையை "இறந்தவர்" கட்டத்தில் ஏற்றிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. திறந்த கட்டத்தை நிரப்பினாள்.

படத்தில் அரபு எழுத்து தெரிந்தால் மேனேஜரின் உத்தரவு இன்னும் எளிது. மொழி: அரபு. வகை: மார்க்க நூல். அதற்குத் தலைப்பு, பக்க எண் என்று இரண்டே கட்டங்கள். பெயர் எதுவும் ஏறாது. "ஓதுற புக்குல யாரு பேரு இருக்கப் போவுது?" என்றார். இத்தனைக்கும் அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர் முஸ்லிம் பெண்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவருடைய சம்பளத்தில் குறைந்துவிடுமா?

பதிவேற்றம் முடிந்தது என்று அவர் ஜமாஅத்துக்கு மெயில் அனுப்பிய மறுவாரம் ஒரு லாத்தா, எங்கள் பேச்சில் அக்கா, வந்தார். அறுபதை நெருங்கும் வயது. முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி மாடிப்படி ஏறி வந்து, ஜமாஅத் கடிதத்தை நீட்டினார். அவருடைய வாப்பா, அதாவது தகப்பனார், காலமாகிவிட்டார். இரண்டாம் தாரத்து மகன்கள், உன் உம்மாவுக்கு நிக்காஹே நடக்கவில்லை, நீ வாரிசே இல்லை, வீட்டைக் காலி செய் என்கிறார்களாம். உம்மாவின் நிக்காஹ் பதிவு வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவருக்கு வீடும் இல்லை, வாப்பாவும் இல்லை.

மேனேஜர் அந்த உம்மாவின் பெயரைத் தட்டினார். "பதிவு இல்லை" என்று வந்தது. அதையே பிரிண்ட் எடுத்து, சீல் வைத்துக் கொடுத்தார். சீல் வைப்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

"நடந்துச்சு வாப்பா. தனுஷ்கோடிய அழிச்ச புயல் அடிச்ச அடுத்த வருஷம், மவ்லூது மாசம். ஊரே சாப்புட்டுச்சு."

"கம்ப்யூட்டர்ல இல்லன்னா இல்லம்மா. நாங்க முழுசா ஏத்திட்டோம்."

லாத்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அந்தக் காகிதத்தை நான்காக மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். முழுசா ஏத்திட்டோமாம்! மூன்று செகண்டில் ஒரு ஊரையே படித்து முடித்த மேதை.

சாப்பாட்டு நேரத்தில் அந்த மார்க்க நூல் கோப்புறையைத் திறந்தேன். துஆ, துஆ, யாசீன், அப்புறம் கோடு போட்ட ஒரு பக்கம். ஓதும் ஏட்டில் எதற்குக் கோடு போட்டுப் பத்தி பிரிக்க வேண்டும்? பெரிதாக்கினேன். அரபு எழுத்துதான். ஆனால் முதல் வரியை வாய்க்குள் கூட்டிப் படித்தபோது வந்த சொல் "வியாழக்கிழமை".

எந்த அரபி வியாழக்கிழமை என்று எழுதுவான்? அரபியில் ழ கிடையாது. இதில் புள்ளி கூட்டி உண்டாக்கிய ழ இருந்தது. அரபுத்தமிழ்! மொழி தமிழ், உடுப்பு மட்டும் அரபு. சின்ன வயதில் மதரஸாவில் உஸ்தாத் அம்மாவிடம் நான் படித்த அதே எழுத்து. பெயர்களைத் தேடித் தேடிப் போனேன். பதினேழாவது படத்தில் லாத்தாவின் உம்மா இருந்தார். பெண், பொறுப்பாளர், இரண்டு சாட்சிகள், எல்லாம் வரிசையாக.

மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினேன். வகையை நிக்காஹ் என்று மாற்றச் சம்மதித்தார். மொழிக்கு மட்டும் அடம்பிடித்தார்.

"எழுத்து அரபுதானே? அரபுன்னே இருக்கட்டும்."

"அரபுன்னு போட்டா அரபு தெரிஞ்ச ஆளுகிட்டப் போகும் சார். அவரு இது படிக்க முடியாத கிறுக்கல்னு எழுதி அனுப்புவாரு. அதத்தான் அந்த ரெண்டாந்தாரத்துத் தம்பிமாரு கோர்ட்ல காட்டுவாங்க."

"அப்ப தமிழ்னு போட்டா, இங்கன இருக்கிற புள்ளைக எப்படிப் படிக்கும்?"

வாழ்க்கையில் அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அதுதான். மொழி என்று ஒரு கட்டம், எழுத்து என்று இன்னொரு கட்டம் வையுங்கள், தமிழும் அரபு எழுத்தும் சேர்ந்து வருவதெல்லாம் என்னிடம் வரட்டும் என்றேன். வேண்டா வெறுப்பாகச் செய்தார். நிக்காஹ் கட்டங்கள் திறந்தன. ஒவ்வொன்றாக நிரப்பினேன். மாப்பிள்ளை பெயரை அடிக்கும்போது மேனேஜரைத் திட்டிக்கொண்டே அடித்தேன்.

சேமிக்கும்போது திரையின் அடியில் ஒரு வரி வந்தது. அந்தப் படத்தை முதலில் பிரித்தது யார் என்று காட்டும் வரி. அதில் என் பணி எண் இருந்தது.

பட்டியலில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்த படத்தைப் பார்த்து, அரபு, மார்க்க நூல் என்று இரண்டு தட்டு தட்டி அடுத்ததற்குப் போயிருக்கிறேன். பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜருக்கு அந்த எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும். அன்று முழுக்க அவரைத் திட்டியதில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

பதிவை அச்சடித்துக்கொண்டு படிக்குப் போனேன். லாத்தா இன்னும் அங்கேயேதான் இருந்தார். உம்மாவின் பெயரைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அல்லாஹ் ஒன்ன நல்லா வைப்பான் மகளே" என்றவர், பிறகு மடித்து வைத்திருந்த பழைய காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "அப்ப இத இல்லைன்னு போட்டது யாரு?"

பின்னால் நின்ற மேனேஜர், "கம்ப்யூட்டர்ம்மா" என்றார்.

"நான்தான் லாத்தா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கும்மாவ இல்லைன்னு சொன்னதெல்லாம் இதுவரைக்கும் ஆம்பளையாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, இரண்டு காகிதங்களையும் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.