ஒரே கம்ப்யூட்டர்ல எழுதின பாராட்டு

அன்னிக்கு பிரௌசிங் சென்டர்ல நான் போட்ட கூச்சல்ல, எதிர்க்க கல்லு கொத்திகினு இருந்தவங்க உளியை நிறுத்திட்டு எட்டிப் பார்த்தாங்க. பார்க்கட்டும். எனக்கு வந்த வயித்தெரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

மாமல்லபுரத்துல எங்க வூட்டு மாடியில மூணு ரூம் கட்டி வெளிநாட்டுக்காரங்களுக்கு விட்டுகினு இருந்தோம். அவங்க எங்களைத் தேடி வர்றதே ஒரு டிராவல் வெப்சைட்டுல எங்க பக்கத்தைப் பார்த்துதான். சீசன் ஆரம்பிக்கிற நேரத்துல அந்தப் பக்கத்தைத் தூக்கிட்டாங்க. கேட்டா, தங்கிட்டுப் போனவங்க அதுல எழுதின பாராட்டெல்லாம் ஓனர் நானே எழுதினதாம். பொய்யாம்.

நானா எழுதுவேன்? ஒரு மெயில் அடிக்கவே எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும். அதுல ஒரு பாராட்டு பிரெஞ்சுல வேற கீது!

என் புத்திசாலித்தனம்தான் என் தலையில விடிஞ்சது. ரூம் காலி பண்ற ஒவ்வொருத்தரையும் விடாம இழுத்துகினு போய் எங்க தெரு பிரௌசிங் சென்டர்ல உட்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, "ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க"ன்னு எழுத வெச்சேன். நான் மெயில் பார்க்கிறதும் அங்கதான். எங்கேயோ உட்கார்ந்திருக்கிற வெப்சைட்காரனுக்கு எல்லாம் ஒரே கனெக்‌ஷன்லேர்ந்து வந்ததாத் தெரிஞ்சிருக்கு.

பக்கம் போனா ரூம் போச்சு. ரூம் போனா எங்க வூட்டுக்காரரு திரும்ப குவைத்துக்குப் போகணும். ரூம் ஓடுதுன்னுதான் அவரை வேலையை வுட்டுட்டு வரவெச்சேன். "சும்மா உட்கார்ந்துகினு இருக்க முடியுமா?"ன்னு ஏஜென்ட்டுக்குப் போன் போட்டுட்டாரு. பாஸ்போர்ட்டையும் குடுத்தாச்சு.

நான் அந்த வெப்சைட்டுக்கு அழுது அழுது மெயில் எழுதினேன். நேர்மையான குடும்பம், வந்து பாருங்கன்னு. பதில் வரலைன்னு புதுசா ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் ஒரு புது நம்பர் வந்தது. கவனிக்குறாங்க போலன்னு நெனச்சேன். கடைசியில வந்த மெயிலைப் பொறுமையாப் படிச்சப்பதான் புரிஞ்சது: புது மெயில் போட்டா புது கேஸாம், வரிசையில கடைசிக்குப் போயிடுமாம். பழைய மெயிலுக்கே பதில் போடணும், மொதல் நம்பரோட. ஆதாரம் அனுப்பு, இன்னும் ஒரே ஒரு தடவைதான் பார்ப்போம்னு போட்டிருந்தது. அடப்பாவிங்களா, இதை மேலேயே எழுதக்கூடாதா!

சரின்னு, வந்தவங்க அந்த வெப்சைட் வழியா ரூம் கேட்டு அனுப்பின பழைய மெயிலையெல்லாம் தேடி எடுத்தேன். சென்டர்க்காரரு ஒவ்வொண்ணையும் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அமுக்கி, பெயின்ட்னு ஒரு புரோகிராம்ல ஒட்டி, படமா சேவ் பண்ணிக் குடுத்தாரு. திறந்து பார்த்தா மேலயும் கீழயும் நறுக்கி வெச்சிருக்காரு. தேதியக் காணோம், நம்பரக் காணோம்.

"இன்னா அண்ணாத்த இது?"

"அழகா இருக்கட்டும்னு வெட்டினேன் யக்கா."

"இன்னா கல்யாண ஆல்பமா போடுற? தேதியும் நம்பரும்தான்யா எனக்கு வேணும்!"

கல்லு கொத்துறவங்க எட்டிப் பார்த்தது அப்போதான்.

மறுபடியும் மொதல்லேர்ந்து எடுக்க வெச்சேன். ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒரு ஜோடி: அதை எழுதினவரு ரூம் கேட்ட மெயில், அதுல வெப்சைட்காரங்களே போட்ட புக்கிங் நம்பர், தேதி எல்லாம் தெரியிற மாதிரி. பக்கத்துல வெளிநாட்டுக்காரங்க தங்கினா போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கணுமே, அந்த சி ஃபார்ம் காப்பி, சீல் தேதியோட. பாஸ்போர்ட் நம்பரை மட்டும் பேனாவால அடிச்சுட்டு ஸ்கேன் பண்ணினேன். ஒரு அம்மா எழுதின தேதி, அவங்க கிளம்பினதுக்கு மொத நாளாக் காட்டுச்சு. வெப்சைட்காரங்க ஊர்ல ராத்திரின்னா நமக்கு அடுத்த நாள் விடிஞ்சிருக்கும், அதான் வித்தியாசம்னு அதையும் எழுதினேன். தெருவுல எல்லாருக்கும் இந்த ஒரே கனெக்‌ஷன்தான்னு சென்டர்க்காரருகிட்ட சீல் வெச்ச லெட்டர் வாங்கினேன். "போலீஸ் கேஸ் ஆயிடாதே?"ன்னு அவரு ஆயிரம் தடவை கேட்டாரு. பேஜாரு புடிச்ச மனுஷன்.

எல்லாத்தையும் மொதல் நம்பர் மெயிலுக்கே பதிலா அனுப்பினேன். அழுகை ஒரு வரி கூட இல்ல.

பதில் வந்த அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு குவைத் மெடிக்கல் டெஸ்ட்டுக்கு மெட்ராஸ் போயிருந்தாரு. எங்க பக்கம் திரும்பி வந்துடுச்சு, பிரெஞ்சு பாராட்டு உள்பட. சென்டர்லயே உட்கார்ந்து ஓன்னு அழுதேன். அங்கேர்ந்தே போன் போட்டேன்.

"குடுத்துட்ட பாஸ்போர்ட்டை வாங்கிகினு வூட்டுக்கு வாங்க. பக்கம் வந்துடுச்சு."

அதுக்கு அவரு கேட்டாரு, "என்னை நிறுத்தறதுக்கு சும்மா சொல்றியாம்மே? ஆதாரம் இன்னா கீது?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "அண்ணாத்த, அந்தப் பதில் மெயிலை ஒரு பிரிண்ட் எடு"ன்னு கத்தினேன். "ஓரத்தை வெட்டாத!"