வண்ணம் பூசும் முன்

எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதவள் ஸ்டெபி. பள்ளி அலுவலகத்தில் இருபது வருஷ வேலை பழக்கிய பழக்கம். இறந்துபோன கணவர் தேவதாசனின் மர விசைப்படகை விலைக்குக் கேட்டு நேசக்குமார் எழுதிய கடிதத்தையும் இரண்டு முறை படித்தாள்.

விலை பதினெட்டு லட்சம். முன்பணம் ஒரு லட்சம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றியதும், வண்ணம் பூசும் முன், படகுத் தச்சரான ஓடாவி அடிப்பலகையைப் பார்க்க வேண்டும். இரண்டு பலகைக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் முன்பணம் திரும்ப வேண்டும். காரணமில்லாமல் நேசக்குமார் விலகினால் அது ஸ்டெபிக்கே. மீதி, பெயர் மாற்றும் நாளில்.

சம்மதித்துக் கையெழுத்திட்டாள். அந்த மீதியை நம்பித்தான் மகள் ஷீஜாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் சொல்லியிருந்தாள்.

ஆனால் படகு கரையேறிய மறுநாளே ஆள் வைத்து நீலம் பூசிவிட்டாள். ஒவ்வொரு தடைக்காலத்திலும் தேவதாசன் முதலில் செய்வது அதுதான். அவர் போன பிறகு வரும் முதல் தடைக்காலம் இது. படகைப் பார்க்க ஆள் வரும்போது அழுக்காக நிறுத்தி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நேசக்குமாரோடு வந்த கிருபை ஓடாவி சுத்தியலால் நாலு இடம் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எம்மா, மணப்பெண்ணு மாதிரி அலங்கரிச்சு வச்சிருக்கிய. நான் எதைப் பாக்க?"

நேசக்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, லெட்டர்ல என்ன எழுதிருக்கேன்? எதையும் மறைக்கியளோ?"

'வண்ணம் பூசும் முன்' என்ற வரி அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்பணத்தை அவன் திருப்பிக் கேட்டால் மறுக்க வழியில்லை. படகு இந்த சீசனுக்கு விற்காது. ஷீஜாவின் இடமும் போகும்.

"அண்ணாச்சி, அந்தச் சுரண்டியத் தாங்க."

பின்பக்கத்து இடது ஓரத்தில் குனிந்து சுரண்டத் தொடங்கினாள். மூன்று வருஷத்துக்கு முன் முயல்தீவுப் பக்கம் பாறையில் உரசியதையும், தேவதாசன் அந்த இடத்தைத் தானே அடைத்ததையும் அவள் அறிவாள். ஒட்டுப் போட்ட பலகை வெளியே வந்தது.

"இங்கனதான் பாறையில அடிபட்டுச்சு. வேற எங்க சந்தேகமோ அங்கெல்லாம் சுரண்டிப் பாருங்க. மறைக்கணும்னா இதக் காட்டுவேனா?"

மூவருமாகச் சுரண்டி முடிக்க மத்தியானமாயிற்று. கிருபை ஊசிமுனையால் குத்திக் குத்திப் பார்த்தார். ஒட்டிய பலகை மட்டும் மெதுமெதுவென்று உள்வாங்கியது.

"ஒரு பலகதான்லே மாத்தணும். மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

நேசக்குமார் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தான். பிறகு அதன் அடியில், 'பார்த்தாயிற்று, சம்மதம்' என்று எழுதித் தேதி போட்டான்.

"பலகைச் செலவு என்னோடது தம்பி," என்றாள் ஸ்டெபி.

"லெட்டர்ல அப்படி இல்லையே அக்கா. ஒத்தப் பலக என் பாடு."

அவர்கள் போன பின் மீந்திருந்த நீல டப்பாவை இறுக மூடி, படகின் உள்ளேயே வைத்தாள். புதுப் பலகைக்கு வேண்டியிருக்கும்.