இராசிபுரத்தில் ஓர் அறுந்த சொல்

இந்த ஊரில் யாராவது என்னிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்களுடைய கை முதலில் என் தோளுக்கு வரும். பயப்பட ஒன்றுமில்லை. சேலையில் ஒட்டியிருக்கும் நூல் பிசிறை எடுப்பார்கள். அரிசி என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டே எடுத்து, விரலில் உருட்டி, இடுப்பில் செருகிக்கொள்வார்கள். ஈப்போவில் முன்பின் தெரியாதவர் இப்படிச் செய்தால் இரண்டு அடி தள்ளி நின்றிருப்பேன். இப்போது நானே மளிகைக் கடைக்காரரின் சட்டையிலிருந்து எடுத்துவிட்டு, அவர் முழிப்பதைப் பார்த்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். ஈப்போவில் இருக்கும் நீங்கள் மலேயாவை மலேசியா என்று சொல்லத் தொடங்கிவிட்டீர்களாம். பெயர் மாறியபோது உங்களோடு இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். அதனால் இங்கே நான் மாறிய கதையையாவது உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஈப்போவில் பிறந்தவள். அப்பா இராசிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை. இளவயதில் கப்பலேறிப் போய் அங்கே துணிக்கடை வைத்தவர், தம் தங்கை மகனுக்கே என்னைக் கட்டிவைக்க அழைத்துவந்தார். அதாவது என் மாமியார் எனக்குச் சொந்த அத்தை. வந்த அன்று எதிர்வீட்டு அம்மாள், "வாங்க சாமி, உள்ள வாங்க" என்றார். எந்தச் சாமியைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஓர் ஆடு நின்றது. இங்கே பிரியத்தில் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. மலேயாப் பெண்ணுக்குக் காது மந்தம் என்று சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணப் பந்தியில் அப்பா உற்சாகத்தில் ஒரு காரியம் செய்தார். "ஒரு வருசம் போகட்டும், மாப்பிள்ளையை ஈப்போவுக்கு அனுப்பிவை. கடையில உக்கார வைக்கிறேன்" என்று அத்தையிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அத்தைக்கு அண்ணன் என்று என் அப்பா ஒருவர்தான். அவரை மலேயாக் கப்பல் கொண்டுபோனது. மகனும் ஒருவன்தான். அன்று முதல் அத்தை என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். "அந்தப் புள்ளைய சாப்பிடச் சொல்லு" என்று சுவரிடம் சொல்வார். நான், "இதோ சாப்பிடுறேன்" என்று அம்மிக்கல்லிடம் சொல்வேன். சுவரும் அம்மிக்கல்லும் எங்கள் வீட்டில் ஓய்வு அறியாதவை.

பேச்சு இருந்தது ஓர் இடத்தில் மட்டும்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பெண்கள் ராட்டையில் நூல் சுற்ற உட்காருவோம். கை ராட்டையில் இருக்கும், வாய் சும்மா இருக்குமா? சொல் தொடுப்பார்கள். ஒருத்தி ஒரு சொல் சொன்னால் அதன் கடைசி எழுத்தில் அடுத்தவள் தொடங்க வேண்டும். 'கு' என்றால் 'கு'தான், 'கூ' ஆகாது. 'ம்' போலப் புள்ளி எழுத்தில் முடிந்தால் அந்த வரிசையில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ம, மா, மி எல்லாம் செல்லும். வந்த சொல் திரும்ப வரக் கூடாது. ஆள் பேர், ஊர் பேர் கூடாது. லாரி, லாந்தர் போலத் தெருவில் புழங்குவது செல்லும்.

இதெல்லாம் நான் ஈப்போவில் ஆடியதுதான். ஆகவே முதல் நாள் தலைநிமிர்ந்து உட்கார்ந்தேன். அத்தை "கடுகு" என்றார். நாத்தனார் "குருவி" என்றாள். நான் "விளையாட்டு" என்று சொல்லி, ராட்டையை நிறுத்தி, பாராட்டுக்குக் காத்திருந்தேன். டு-வில் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவார்கள்? ஈப்போவில் அடுத்தவளை இப்படி வழியில்லாமல் நிறுத்துகிறவள்தான் கெட்டிக்காரி.

நாத்தனார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அறுத்துப்போட்டீங்களே அண்ணி."

இங்கே சட்டம் தலைகீழ். தொடர முடியாத எழுத்தில் கொண்டுபோய் விடுகிறவள் நூலை அறுத்தவள், தோற்றவள். அறுத்தவள் அன்றைக்குச் சிக்கு விழுந்த நூலையெல்லாம் பிரிக்க வேண்டும். என் மடியில் ஒரு பந்து வந்து விழுந்தது. அடுத்த நாள் நெசவு வீட்டுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று "தறி" என்றேன். றி-யில் எந்தச் சொல்லும் தொடங்காது. மறுபடி சிக்கு. "துணி", "பாவு" என்று ஒவ்வொரு நாளும் மரியாதை செலுத்தி ஒவ்வொரு நாளும் சிக்குப் பிரித்தேன். நெசவு நெய்கிறவர்களின் சொற்களே இவ்வளவு அறுக்கின்றனவே என்று நான் முணுமுணுத்தபோது அத்தையின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. சிரிப்பில்லை என்று காட்ட உடனே சுவரைத் திட்டினார்.

அத்தை அறுத்து நான் பார்த்ததே இல்லை. தொடரக்கூடியதாகவும் அடுத்தவளைத் திணற வைப்பதாகவும் எழுத்தைத் தேடித் தருவார். 'ம்' என்று எளிதாக முடிப்பதை அவர் மதிப்பதில்லை. "அது பச்சைப் புள்ளைங்க ஆட்டம்" என்பார். ம-வில் தொடங்கி ம்-மில் முடியும் சொற்கள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன, அதில் இறங்கிவிட்டால் பொழுது சாயும்வரை ஆடலாம்.

வருசம் முடிந்தது. அப்பா ஈப்போவிலிருந்து கடிதம் போட்டுப் பதில் கேட்டார். என் கணவர் அத்தையிடமும் என்னிடமும், "நீங்க ரெண்டு பேரும் சேந்து சொல்றதுதானுங்க முடிவு" என்று வீரமாகச் சொல்லிவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார். எனக்குப் போக ஆசை. மறைக்கவில்லை, அம்மாவின் முகம் கனவில் வந்துகொண்டிருந்தது. ஆனால் அத்தையின் சம்மதமில்லாமல் போனால் நானும் அப்பாவைப்போலத்தான் என்றாகிவிடும். அதைக் கேட்க எனக்கு ஒரே வாசல்தான் இருந்தது. மற்றவர்கள் சந்தைக்குப் போயிருந்த மதியம், ராட்டை முன் உட்கார்ந்து "தேங்காய்" என்றேன்.

"யாகம்" என்றார் அத்தை.

"மிளகு."

"குளம்."

கடினமாகக் கொடுத்துப் பார்ப்போமே என்று "மொச்சை" என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "சைவம்."

"மாசி."

"சித்திரம்."

எனக்கு மெல்லத்தான் உறைத்தது. எதைக் கொடுத்தாலும் 'ம்' என்றே திருப்பித் தருகிறார். பச்சைப் பிள்ளை ஆட்டத்தை அத்தை ஆடுகிறார். ஆட்டம் முடிந்தால் நான் கேட்டுவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் அப்போது கேட்கும் துணிச்சல் போய்விட்டது. நானும் 'ம்' கொடுத்தேன்.

"மாதம்."

"மோதிரம்."

"முகம்."

"மேளம்."

"மரம்."

அத்தையின் ராட்டை நின்றது. சொல்வதற்கு ஆயிரம் இருந்தன. மத்தளம், மயக்கம், மாம்பழம் என்று என் மனத்துக்குள் நானே அவருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் தறிக்குழிப் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"மகன்."

ன்-இல் தொடங்கும் சொல் இல்லை. அத்தை அறுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் அழவில்லை. சட்டப்படி சிக்குப் பந்தை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சுவரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உங்க ஊர்ல இப்பிடி அறுந்தா என்ன பண்ணுவீங்க சாமி?"

"எங்க ஊர்ல இப்ப நீங்கதான் ஜெயிச்சீங்க அத்தை. எனக்குத்தான் சொல்லில்லை."

அத்தை பந்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "அப்பிடின்னா சிக்க நீயே எடு" என்று பந்தை என் மடிக்குத் தள்ளினார். ஆனால் ஒரு முனையை மட்டும் தம் விரலிலிருந்து விடவில்லை.

மாலையில் தறியை விட்டு ஏறிவந்த என் கணவர், அந்தப் பக்கம் ஒரு முனையும் இந்தப் பக்கம் ஒரு முனையுமாக நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னங்க முடிவு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"இது முடியட்டும்" என்று சிக்கைக் காட்டினார் அத்தை. நானும் அதையேதான் சொன்னேன்.