கேட்டுத் தாழ்ப்பாள்

மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு என் கணவருக்குப் புதிதாக நடப்பது எதுவும் நினைவில் தங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் கையைப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார்கள். "இத நான் செஞ்சதே இல்ல" என்பார் தினமும். கோடு மட்டும் நாளுக்கு நாள் நேரானது. கை கற்றுக்கொள்கிறது என்றார் டாக்டர். சந்தோஷப்பட்டேன், மடச்சி.

பிறகுதான் கடலூர் ரோட்டோரம் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். அவரை உள்ளே பூட்டி அடைக்க மனம் வராமல், தூக்கித் திருகி இழுத்தால்தான் திறக்கும் தாழ்ப்பாளை வாசல் கேட்டில் போட்டேன். தினமும் அதை நோண்டினார். முதலில் திறக்கவே முடியவில்லை.

நேற்றும், "இன்னா தாழ்ப்பா இது, புதுசா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவர் கை தூக்கித் திருகி இழுக்க, கேட் திறந்துவிட்டது. ரோட்டில் கால் வைத்தார்; பஸ் ஹாரன் அலறியது. சட்டையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தேன்.

"யார் வூட்டுக்கும்மா இட்டுனு போற?" என்றார்.